ஃபேக்ட்ஷீட்டில் சிஏஜிஆர்: சம்பளக்காரர்கள் தவறாகப் படிக்கும் இடங்கள்

மியூச்சுவல் ஃபண்ட் மாதாமாதம் வெளியிடும் ஃபேக்ட்ஷீட்டில் 3 வருட சிஏஜிஆர் 26% என்று இருந்தால், வருடா வருடம் 26 சதவீதம் கிடைத்தது என்று படிக்கக் கூடாது. அந்தக் கணக்கு பார்ப்பது இரண்டே தேதிகளை: தொடங்கிய நாளின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, முடிந்த நாளின் என்ஏவி. நடுவில் விழுந்ததும் எழுந்ததும் அதில் வராது. சீராகக் கூட்டு வட்டியில் வளர்ந்திருந்தால் வருடத்துக்கு எவ்வளவு என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே தொடக்கத் தேதி பள்ளத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நிஃப்டி 50 குறியீடு 2020 பிப்ரவரி கடைசியில் சுமார் 11,200. 2023 பிப்ரவரி கடைசியில் சுமார் 17,300. சிஏஜிஆர் 15.6%. ஒரே மாதம் தள்ளிப் பாருங்கள். 2020 மார்ச் கடைசியில் கொரோனா பயத்தில் 8,600க்கு வந்திருந்தது. 2023 மார்ச் கடைசியில் 17,360. சிஏஜிஆர் 26.4%! அந்த ஒரு மாதத்தில் சந்தை ஏறியது வெறும் 60 புள்ளி. மூன்று வருடத்துக்கு முந்தைய சரிவுதான் எண்ணைத் தூக்கிவிட்டது. இப்படிப்பட்ட மாதத்தில் எல்லா ஃபண்டும் கெட்டிக்காரனாகத் தெரியும். பக்கத்திலேயே பெஞ்ச்மார்க்கின், அதாவது ஃபண்டை ஒப்பிட வைத்திருக்கும் குறியீட்டின், எண் இருக்கும். அதுவும் 26 என்றால் ஃபண்ட் மேனேஜரைப் பாராட்ட ஒன்றுமில்லை.

அடுத்தது எஸ்ஐபி, அதாவது தவணை தவணையாகப் பணம் போடுவது. இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, 10,000 போட்டா 15,000 ஆயிருக்குன்னு போட்டிருக்கான். அப்ப நான் மூணு வருஷத்துல போடுற 30,000 ரூவா 45,000 ஆகுமா?"

ஆகாது. அந்த 15,000 முதல் நாளே மொத்தமாகப் போட்டவருக்கு. தம்பியின் பணத்தில் பாதிக்கு மேல் மூன்று வருடம் உள்ளேயே இருந்திருக்காது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, வருடத் தொடக்கத்தில் 10,000 வீதம் மூன்று தவணை என்று வைத்துக்கொள்வோம். வாங்கும்போது என்ஏவி முறையே 10, 15, 12, முடிவில் 15. மொத்தமாகப் போட்டவரின் சிஏஜிஆர் 14.5%. தவணையில் போட்டவருக்குக் கிடைத்த யூனிட் 1,000, 667, 833, ஆக 2,500. மதிப்பு 37,500 ரூபாய்; வருடத்துக்குச் சுமார் 11.6%. ஏற்ற இறக்கம் வேறு மாதிரி அமைந்திருந்தால் தவணைக்காரரே முந்தியும் இருக்கலாம். எப்படியானாலும் இரண்டும் வேறு வேறு எண்கள்.

எஸ்ஐபி போடுபவருக்கான அட்டவணை ஃபேக்ட்ஷீட்டில் தனியாக இருக்கும். அதில் வருமானத்தை, ஒவ்வொரு தவணையையும் போட்ட தேதியிலிருந்து கணக்கிடும் எக்ஸ்ஐஆர்ஆர் முறையில் போட்டிருப்பார்கள். தேட வேண்டியது அதைத்தான். அங்கேயும் தலைப்பில் ரெகுலர் பிளானா டைரக்ட் பிளானா என்று ஒருமுறை பாருங்கள். டைரக்டில் ஏஜெண்ட் கிடையாது; ரெகுலரில் ஏஜெண்ட் கமிஷன் கழிவதால் அந்த எண் சற்றுக் குறைவாகவே இருக்கும். டைரக்டின் எண்ணைப் பார்த்துவிட்டு ரெகுலரில் பணம் போடுபவர்களும் உண்டு.