கூரை சோலார் தொழில்: கையெழுத்தான பிறகு கரையும் லாபம்

வீட்டு மாடியில் சோலார் அமைத்துத் தரும் தொழிலைத் தொடங்குகிறவர்கள் கொள்முதல் விலையையும் விற்பனை விலையையும் வைத்து லாபக் கணக்கு போடுகிறார்கள். அந்த இரண்டில் தவறு நேர்வது குறைவு. வேலை கைக்கு வருவதற்காக வாடிக்கையாளரிடம் சொல்லும் வாக்குறுதிகளில்தான் பணம் போகிறது.

மூன்று கிலோவாட் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வரி நீங்கலாக ரூ.1,80,000, ஜிஎஸ்டி சேர்த்து ஏறத்தாழ ரூ.1,96,000 என்று விலை பேசுகிறீர்கள். பேனல், இன்வெர்ட்டர், இரும்புத் தாங்கி, கேபிள், எர்த்திங், கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து ரூ.1,60,000 ஆகிறது. மிச்சம் இருபதாயிரம்.

இப்போது முதல் தவறு நுழைகிறது. "மானியம் போக ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கொடுத்தால் போதும் சார், மீதியை மானியம் வந்ததும் தாருங்கள்" என்று சொல்லிவிடுகிறீர்கள். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவதுக்கு ரூ.18,000, ஆக ரூ.78,000 கிடைக்கும். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதுதான் உச்சவரம்பு. ஆனால் அந்தப் பணம் உங்களுக்கு வராது. மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்து, வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கே போகும். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் மின் இணைப்பில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால், உதாரணமாக இணைப்பு இன்னும் காலமான தந்தை பெயரிலேயே இருந்தால், அது சரியாகும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்று மாதம் தாமதமானால், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் ரூ.78,000க்கு ஏறக்குறைய ரூ.3,500 வட்டி. பத்து வீடு இப்படி நின்றால் ரூ.7,80,000 முடங்கும், அடுத்த வேலைக்குப் பேனல் வாங்கக் கையில் காசு இருக்காது. முழு விலையையும் வாடிக்கையாளரிடமே வாங்குங்கள். முடியாதவருக்கு வங்கிக் கடனுக்கு வழிகாட்டுங்கள். மானியம் அவருடைய வரவு, உங்கள் விலைப்பட்டியலில் அதற்கு இடமில்லை. இன்னொன்று: இந்தத் திட்டத்துக்கு உள்நாட்டு செல்லில் உள்நாட்டிலேயே செய்த பேனல் கட்டாயம், அதற்கு விலை அதிகம். மலிவான இறக்குமதி செல் பேனலுக்கு விலை போட்டுவிட்டு மானியமும் உண்டு என்று சொன்னால், அந்த ரூ.78,000 உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது "25 வருட வாரண்டி". பேனலின் உற்பத்தித் திறன் படிப்படியாகக் குறைந்தாலும் ஒரு வரம்புக்குக் கீழே போகாது என்பதற்குத் தயாரிப்பாளர் தரும் உறுதி அது. பேனலில் உற்பத்திக் குறை இருந்தால் அதற்கான வாரண்டி தனி, பெரும்பாலும் 12 ஆண்டு. இன்வெர்ட்டருக்கு அதைவிடக் குறைவு. வாடிக்கையாளரோ எல்லாவற்றுக்கும் 25 ஆண்டு என்றே புரிந்துகொள்வார். ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை ஆண்டு, யார் பொறுப்பு, கழற்றி மாற்றும் கூலி யாருடையது என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். திட்டப்படி ஐந்து ஆண்டுப் பராமரிப்பு உங்கள் பொறுப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை, முறைக்கு ஐந்நூறு என்றாலும் ரூ.5,000. வட்டியும் இதுவும் போனால் இருபதாயிரம் பதினொன்றரை ஆயிரமாகிவிடும். அலுவலக வாடகை இன்னும் கழியவில்லை.

எந்த வாரண்டி அட்டையிலும் இல்லாத புகார் ஒன்று உண்டு: ஒழுகல். தாங்கியின் காலை நிறுத்தத் தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்கினால், வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழையில் கீழ் அறைக் கூரையில், சரியாகத் தாங்கியின் காலுக்கு நேர் கீழே, ஈரத் திட்டு வரும். ஓடு பதித்த மாடியில் துளையிடாமல் கான்கிரீட் கட்டைமீது நிறுத்துவதே நல்லது; காற்றுக்கு ஈடுகொடுக்கும் எடையைக் கணக்கிட்டுக் கட்டை போட வேண்டும். வேலைக்கு முன் கீழ் அறைக் கூரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கசிவுக்கும் பழி உங்கள்மேல் வராது.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் என்று சொல்வது வழக்கம். அதை ஆண்டுச் சராசரி என்று சேர்த்துச் சொல்லாவிட்டால், கார்த்திகையில் வரும் மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் கூப்பிடுவார்.

பருவம் ஆட்களையும் பாதிக்கிறது. கோடைக் கட்டணம் வந்ததும் விசாரணைகள் குவியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாடி வேலை அடிக்கடி நிற்கும். கோடையில் சேர்த்த ஆட்களுக்கு அப்போதும் சம்பளம் உண்டு. மந்தத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பேனலை வாங்கி அடுக்குவது ஆபத்து. 2023இல் உலகச் சந்தையில் பேனல் விலை ஏறத்தாழ பாதியானபோது, இருப்பு வைத்திருந்தவர்களுக்கு நட்டம்தான் மிஞ்சியது.

மழைக்கு முந்தைய மாதங்களை ஆலைகளுக்கும் கடைகளுக்கும் ஒதுக்கலாம். வருமான வரியில் சோலாருக்கு 40 சதவீதத் தேய்மானம் கழிக்கலாம். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் அந்த ஆண்டு பாதிதான். செப்டம்பருக்குள் இயக்கிவிட வேண்டும் என்று அவர்களுடைய ஆடிட்டரே சொல்வார். மானியத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாத வாடிக்கையாளர்கள் அவர்கள்.