பால் திடீரெனப் பொங்குவது ஏன்? அரை லிட்டர் பாலை வழியாமல் காய்ச்சும் முறை

தண்ணீர் கொதிக்கும்போது எழும் குமிழிகள் மேலே வந்தவுடன் உடைந்துவிடுவதால் அது பொங்கி வழிவதில்லை. பாலில் குமிழிகள் உடையாமல் நிற்பதற்குக் காரணம் அதிலுள்ள புரதம். சூடு 70 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பால் புரதங்களில் ஒரு பகுதி சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாகிக் குறையக் குறைய, அங்கே செறியும் புரதம் மிதந்து வரும் கொழுப்புத் துளிகளையும் பிடித்துக்கொண்டு ஆடையாகப் படர்கிறது. குமிழிகளின் சுவர்களுக்கு வலுவூட்டுவதும் இதே புரதம்தான்.

பிறகு ஏன் கடைசி நொடி வரை பால் அமைதியாக இருக்கிறது? அடியில் உருவாகும் நீராவிக் குமிழிகள், மேலேயுள்ள பால் சற்றுக் குளிர்ந்திருக்கும் வரை, பாதி வழியிலேயே மீண்டும் நீராகிவிடுகின்றன. பால் முழுவதும் கொதிநிலையை எட்டியதும் அவை அப்படிக் கரைவதில்லை. ஒரு கிராம் நீர் ஆவியானால் ஏறக்குறைய 1.7 லிட்டர் இடம் பிடிக்கும். பாலுக்குள் ஒரு கிலோவாட் வெப்பம் சேர்வதாகக் கொண்டால், நொடிக்கு முக்கால் லிட்டர் நீராவி கிளம்பும்; குமிழி உடையாவிட்டால், ஒன்றரை லிட்டர் பாத்திரத்தின் மீதி இடம் ஒன்றிரண்டு நொடியில் நிரம்பிவிடும்.

முதலில், அரை லிட்டர் பாலுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாத, அடி கனமான பாத்திரத்தை எடுத்து, அதைத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடே பாலை ஊற்றுங்கள். இதனால் அடிபிடிப்பது ஓரளவு குறையும். நடுத்தரத் தீயில் வைத்து, கரண்டி அடியைத் தொடும்படி அவ்வப்போது கிளறுங்கள். கிளறினால் சூடு சமமாகப் பரவுவதோடு, ஆடையும் மூடியாக இறுகாது.

அடுத்து, ஓரங்களைக் கவனியுங்கள். முதலில் விளிம்பை ஒட்டிச் சிறு குமிழிகள் மாலைபோல் கோக்கும். பின்னர் ஆடை சுருங்கி, அதன் நடுப்பகுதி மெல்ல உப்பி எழும். தீயைக் குறைக்க வேண்டிய நேரம் அதுதான். நுரை ஏறத் தொடங்கிய பின் குறைத்தால் பெரும்பாலும் தாமதமாகிவிடும்.

பாத்திரத்தின் குறுக்கே மரக்கரண்டி வைப்பது பலரும் செய்வது. நுரை அதைத் தொடும்போது சில குமிழிகள் உடைவது உண்மைதான்; ஆனால் தீ எரிந்துகொண்டே இருந்தால் கரண்டியையும் தாண்டி நுரை வழியும், ஆகவே அதை நம்பி நகர்ந்துவிடாதீர்கள். அடிக்கடி நகர வேண்டியவர்களுக்கு இரட்டைச் சுவருள்ள பால் குக்கர் ஏற்றது. அதன் சுவர்களுக்கிடையே கொதிக்கும் நீர் 100 டிகிரிக்கு மேல் சூடாவதில்லை, பாலின் கொதிநிலையோ அதைவிடச் சிறிதளவு அதிகம். எனவே பால் நன்கு காய்ந்தாலும் பொங்காது.

நுரை ஏறிவிட்டால் எரிவாயு அடுப்பை அணைத்து, சிறிது குளிர்ந்த நீரைத் தெளியுங்கள். நீராவி சுருங்கி நுரை அடங்கும். மின்சுருள் அடுப்பு அணைத்த பின்னும் சூடாகவே இருக்கும் என்பதால், அதில் பாத்திரத்தைத் தூக்கி நகர்த்துவதே வழி.