மேடைக் கனவில் குரல் வரவில்லையா? கனவைத் திருத்தி எழுதும் முறை

மேடையில் நிற்கிறீர்கள். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது. எப்போதாவது வரும் கனவென்றால் விட்டுவிடலாம். வாராவாரம் வந்து, படுக்கப் போகவே தயக்கமாக இருந்தால் ‘கற்பனை ஒத்திகை’ என்ற முறை இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் பேரி கிராகோவ் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வால் பரவலாக அறியப்பட்ட முறை இது.

கனவு அதிகம் வரும் தூக்கக் கட்டத்தில், கண்ணையும் மூச்சையும் இயக்கும் தசைகள் தவிர உடம்பின் பெரும்பாலான தசைகளை மூளை தளர்த்திவிடுகிறது. கத்த நினைத்தும் சத்தம் வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் ‘நிஜ மேடையிலும் இப்படித்தான் ஆகும்’ என்று பயப்பட வேண்டாம்.

1. கனவை எழுதுங்கள். பகலில், நோட்டில், கனவில் வந்தது வந்தபடியே. கிண்டியில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி எழுதியது: “கல்லூரி ஆடிட்டோரியம். ‘அனைவருக்கும் வணக்கம்’ என்கிறேன், சத்தமே இல்லை. முன்வரிசையில் பெரியப்பா பக்கத்து சீட்டுக்காரர் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்.” குரலைவிட அந்தச் சிரிப்புதான் அவளை எழுப்பிவிட்டிருந்தது. உங்கள் கனவிலும் எந்த இடத்தில் விழிக்கிறீர்கள் என்று பார்த்து அடிக்கோடிடுங்கள்.

2. அந்த இடத்தை மாற்றுங்கள். இங்கேதான் பலருக்குச் சறுக்கும். அரங்கமே எழுந்து நின்று கைதட்டுவதாக எழுதிவிடுவார்கள். அது மனசில் ஒட்டாது. படிக்கும்போதே ‘சும்மா ரீல்’ என்று தோன்றும். உங்களுக்கே நம்பும்படியான சின்ன மாற்றம் போதும். தோழி மாற்றியது இப்படி: மைக்கைத் தட்டிப் பார்க்கிறாள், ஆஃப் ஆகிக் கிடக்கிறது. ஆபரேட்டர் பையன் வேறு மைக் கொண்டு வருகிறான். பெரியப்பா பக்கத்தில் இருப்பவரிடம், “ஏம்பா, இங்க கேன்டீன் எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பேச்சு இவளைப் பற்றியதே அல்ல.

3. ஒத்திகை பாருங்கள். தினமும் பத்து முதல் இருபது நிமிடம், விழித்திருக்கும்போது, புதுக் கதையை மட்டும் மனக்கண்ணில் ஓட்டுங்கள். மைக்கின் குளிர்ச்சி, ஏசி சத்தம் எல்லாம் இருக்கட்டும். பழைய கனவு குறுக்கே வந்தால் நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பியுங்கள். மின்சார ரயிலில் சீட் கிடைத்தால் அங்கேகூடச் செய்யலாம்.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். புதுக் கனவு அப்படியே வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கனவு குறைவது, விழிக்கும்போது படபடப்பு தணிவது, முன்வரிசை முகங்கள் மாறுவது எல்லாமே முன்னேற்றம்தான்.

அப்புறம், எழுத உட்கார்ந்தாலே நடுக்கம் வந்தாலோ, பழைய கொடுமை ஏதாவது கனவில் திரும்ப வந்தாலோ தனியாகச் செய்ய வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள்.