சக்கர நாற்காலிக்கு ஏற்ற கழிப்பறை, சாய்தளம், லிஃப்ட்: பிளானிலேயே சரிபார்ப்பது எப்படி?

ஆள் உட்கார்ந்த சக்கர நாற்காலி ஏறக்குறைய 75 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளத்துக்கு இடம் பிடிக்கும். உங்கள் பிளான் என்ன அளவில் வரையப்பட்டிருக்கிறதோ அதே அளவில் ஓர் அட்டையை இப்படி வெட்டிக்கொள்ளுங்கள். அதோடு 150 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டமும் வேண்டும். நாற்காலி முழுசாகத் திரும்ப அவ்வளவு இடம் தேவை. இனி எல்லாவற்றையும் இந்த இரண்டையும் பிளான்மேல் நகர்த்தித்தான் பார்க்கப்போகிறோம். விதிமுறைகளில் நாட்டுக்கு நாடு சில சென்டிமீட்டர் மாறும், ஆனால் முறை ஒன்றுதான்.

முதலில் கழிப்பறை

பெரும்பாலும் மிச்சமாகும் மூலையைத்தான் இதற்கு ஒதுக்குகிறார்கள். அதனால் இதை முதலில் வையுங்கள். உள்ளளவு 200 × 220 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். 200 செ.மீ. உள்ள பின்சுவரில் கமோடு வருகிறது.

நடக்க முடியாதவர் நாற்காலியைக் கமோடுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்ந்து உட்காருவார். ஆகவே கமோடின் ஒரு பக்கம் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். இடது சுவரிலிருந்து கமோடின் நடுக்கோடு 45 செ.மீ. கமோடின் பாதி அகலம் சுமார் 19. அடுத்து நாற்காலி நிற்க 90. மொத்தம் 154 ஆயிற்று, மீதி 46 செ.மீ. இருக்கிறது.

அடிக்கடி நடக்கும் தவறு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கமோடைச் சுவரின் நடுவில் வைப்பது. அப்போது இருபுறமும் 81 செ.மீ.தான் மிஞ்சும். நாற்காலியும் சரியாக நிற்காது, சுவர்க் கம்பியும் எட்டாது. இன்னொன்று, கட்டி முடித்த பிறகு அந்தக் காலி இடத்தில் குப்பைத்தொட்டியும் வாளியும் குடியேறுவது. அவற்றுக்குத் தனி இடத்தைப் பிளானிலேயே குறித்துவிடுங்கள்.

சீட்டின் மேல்பகுதி, டைல்ஸ் போட்ட தரையிலிருந்து 45–48 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். நாற்காலியின் இருக்கையும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். உயரம் போதவில்லை என்று கமோடுக்கு அடியில் அகலமான மேடை கட்டினால் நாற்காலியின் கால்தாங்கி அதில் இடித்து நின்றுவிடும்.

கம்பி, சீட்டுக்கு மேலே 20 செ.மீ. உயரத்தில் கிடைமட்டமாக வரட்டும். காலிப் பக்கத்தில் மடக்கித் தூக்கும் கம்பி வேண்டும். சுவருக்கும் கம்பிக்கும் இடையில் 4 செ.மீ. போதும், அதிகமானால் கை உள்ளே நழுவி மாட்டிக்கொள்ளும். துண்டு போடும் கம்பி இதற்கு உதவாது, முழு உடம்பின் எடையும் இதில்தான் வந்து விழும். மெல்லிய பலகைச் சுவர் என்றால் உள்ளே வலுவான தாங்கு கொடுத்த பிறகே பொருத்துங்கள்.

கதவைத் திறந்தால் 90 செ.மீ. தடையில்லாமல் கிடைக்க வேண்டும், அதுவும் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவு திரும்பும் வட்டத்தைத் தின்றுவிடும். அதைவிட ஆபத்து, உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால் வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது. அபாய மணிக் கயிறு தரையை ஒட்டித் தொங்குவதும் கீழே விழுந்தவருக்காகத்தான். துடைக்க இடைஞ்சல் என்று அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுவார்கள், பார்த்தால் அவிழ்த்துவிடுங்கள்.

அப்புறம் சாய்தளம்

1 செ.மீ. ஏறுவதற்கு 12 செ.மீ. நீளம். வாசல் 60 செ.மீ. உயரம் என்றால் சரிவு மட்டும் 720 செ.மீ. கீழே, நடுவில், மேலே என 150 செ.மீ. லேண்டிங் மூன்று சேர்த்தால் 1,170. லேண்டிங்கைக் கணக்கில் விட்டுவிடுவதால்தான் கடைசியில் இடம் போதாமல் சரிவைச் செங்குத்தாக்குகிறார்கள். மேல் லேண்டிங் இல்லாவிட்டால், நாற்காலி சரிவில் பின்னால் உருளும்போதே கதவையும் இழுத்துத் திறக்க வேண்டிவரும். அகலம் 120 செ.மீ., இரு பக்கமும் கைப்பிடி, சக்கரம் விளிம்பைத் தாண்டாதபடி ஒரு சிறு தடுப்பு.

கட்டிய சரிவைச் சோதிக்க 120 செ.மீ. ரசமட்டம் போதும். சரிவின் போக்கிலேயே வைத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை கீழ்முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கடியில் இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் வந்தால் சரிவு அதிகம். நாலைந்து இடங்களில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கடைசி ஒரு மீட்டரில்தான் கோளாறு இருக்கும்.

கடைசியாக லிஃப்ட்

உள்ளே குறைந்தது 110 அகலம், 140 ஆழம், கதவு 90 செ.மீ. பொத்தான்கள் 90–120 செ.மீ. உயரத்தில், மூலையிலிருந்து 40 செ.மீ. தள்ளி. மூலையை ஒட்டி வைத்தால் கால்தாங்கி சுவரில் இடிக்கும், கை எட்டாது. லிஃப்டுக்கு வெளியே உங்கள் 150 வட்டம் உட்கார வேண்டும்.

இந்த அளவு லிஃப்டுக்குள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், திரும்பாது. வருபவர் பின்னோக்கித்தான் வெளியேற வேண்டும், அதனால் பின்சுவரில் கண்ணாடி கட்டாயம் வையுங்கள். லிஃப்ட் நிற்கும் இடம் மாடிப்படியின் பாதித் தளமாக இருக்கக்கூடாது. அங்கிருந்து பாதிப் படிக்கட்டு இன்னும் பாக்கி இருக்கும்.