உழைக்கும் தம்பதியருக்கு ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுக்கும் சலவை விளம்பரம்: எழுதத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

வீட்டுக்கே வந்து துணியை எடுத்துச் சென்று, துவைத்துத் தேய்த்துத் திருப்பித் தரும் கடைகள் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பகுதிகளில் பெருகி வருகின்றன. அவற்றின் நோட்டீஸ்கள் பெரும்பாலும் "தரமான சலவை, குறைந்த விலை" என்றே பேசுகின்றன. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் குறைவாக இருப்பது நேரம்தான். அந்த நேரத்தை விற்கும் வாசகத்தை எப்படிப் படிப்படியாக எழுதுவது என்பதை, மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்காக நான் எழுதிய நோட்டீஸைக் கொண்டே விளக்குகிறேன்.

படி 1: மிச்சமாகும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன், அந்தக் கடைக்கு வாடிக்கையாளராகக் கூடிய ஒரு தம்பதியரிடம் பேசிவிடுங்கள். நான் பேசிய வீட்டில் கணவர் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க்கில் வேலை செய்கிறார்; மாலை ரயிலில் திரும்பிக் குழித்துறையில் இறங்கி வீடு சேர இரவு ஏழரை ஆகிவிடும். மனைவி நாகர்கோவிலில் ஆசிரியை. சனிக்கிழமை பாதி நாள் கடைத்தெருவிலும், ஞாயிறு காலை ஆலயத்திலும் கழிகிறது. துணி வேலை ஞாயிறு பிற்பகலில் வந்து விழுகிறது.

இயந்திரம் ஓடும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஓடும்போது அவர்கள் வேறு வேலை பார்க்கிறார்கள் என்பதால், கை படும் நேரம் மட்டுமே கணக்கு. அந்த வீட்டில் வாரம் இரண்டு முறை இயந்திரம் நிறைகிறது. துணியைப் பிரித்துப் போட 15 நிமிடம், மாடிக் கொடியில் விரிக்க 30, எடுத்து மடிக்க 30. தேய்ப்பதுதான் பெரிய வேலை: ஐந்து சட்டைக்கு 30 நிமிடம், ஐந்து கால்சட்டைக்கு 25, ஐந்து சுடிதாருக்கு 40. எல்லாம் சேர்ந்து 170 நிமிடம்.

புதிதாக எழுதுவோர் இந்த எண்ணை எடுத்துக்கொண்டு, "கிட்டத்தட்ட 3 மணி நேரம் மிச்சம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. கடையும் அவர்களுடைய நேரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. பையில் துணியைப் போட்டு எண்ணிக் கொடுக்க 15 நிமிடம், திரும்பி வந்ததைச் சரிபார்த்து அலமாரியில் அடுக்க 15 நிமிடம் போகும். உள்ளாடைகளைப் பெரும்பாலோர் வெளியே கொடுப்பதில்லை. அவற்றைத் துவைத்து உலர்த்த 20 நிமிடம். இந்த 50 நிமிடத்தைக் கழித்தால் 120 நிமிடம், அதாவது 2 மணி நேரம் மிஞ்சுகிறது. அதையே எழுதுங்கள். "உங்கள் வார இறுதி முழுவதும் இனி உங்களுக்கே" என்று எழுதினால், முதல் வாரத்திலேயே அது பொய் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும்.

படி 2: எடுக்கும் நேரத்தையும் கொடுக்கும் நேரத்தையும் முதலில் சரி செய்யுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான விளம்பரங்கள் தோற்கின்றன. "சனிக்கிழமை காலை 9 முதல் மாலை 6 மணிக்குள் எங்கள் பணியாளர் வருவார்" என்று நோட்டீஸில் இருந்தால், அந்தத் தம்பதியர் ஒருவரையாவது நாள் முழுவதும் வீட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தைக் கொடுப்பதாகச் சொல்லி ஒன்பது மணி நேரத்தைப் பிடுங்கும் ஏற்பாடு அது. வாசகத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் இதை மூடி மறைக்க முடியாது. நேர ஏற்பாட்டை மாற்றும்படி கடைக்காரரிடம் பேசுவதும் எழுதுபவரின் வேலைதான் என்று நான் கருதுகிறேன்.

முதலில் நான் போட்ட திட்டம், திங்கள் இரவு எடுத்து வியாழன் இரவு கொடுப்பது. வார இறுதியைத் தொடாத நாள்கள் என்பதால் அதுவே சரி என்று நினைத்தேன். எழுதியதை அந்த ஆசிரியையிடம் காட்டினேன். அவர் இரண்டு வரி படித்துவிட்டு, "அப்படியானால் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் இவர் என்ன உடுத்திக்கொண்டு வேலைக்குப் போவார், அண்ணா?" என்று கேட்டார். ஐந்தாறு சட்டைகளை வாரம் தோறும் சுழற்றி உடுத்துபவரின் வீட்டில் அந்தத் திட்டம் நடக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனவே வெள்ளி இரவு எடுத்துத் திங்கள் இரவு கொடுப்பது என்று மாற்றினோம். வாரம் முழுவதும் உடுத்தியது, வெள்ளிக்கிழமை உடுத்தியது உட்பட, அன்று இரவே பைக்குள் போய்விடும். திங்களுக்கு ஒரே ஒரு ஜோடி மட்டும் கையில் இருந்தால் போதும். கடையில் சனிக்கிழமை துவைத்து உலர்த்தி, திங்கள் பகலில் தேய்க்கிறார்கள். ஞாயிறு கடைப் பணியாளர்களுக்கும் விடுமுறை.

எத்தனை மணிக்கு என்பதையும் கடையின் கையிருப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்தக் கடையில் ஒரு சிறிய சரக்கு ஆட்டோ இருக்கிறது. ஒரு வீட்டில் எண்ணி வாங்கி அடுத்த வீட்டுக்குப் போக 5 நிமிடம் என்று வைத்தால், இரவு 8 முதல் 9 மணிக்குள் 12 வீடுகளுக்கு மேல் போக முடியாது. ஆகவே நோட்டீஸிலேயே "இந்த வழியில் 12 வீடுகள்" என்று எழுதினோம். ஆள்களை அவசரப்படுத்துவதற்காக எழுதிய எல்லையாக இருந்தால் அது கண்டிக்கத்தக்கது. இங்கே அது உண்மையான அளவு. பதின்மூன்றாவது வீட்டைச் சேர்த்தால் ஒன்பது மணி என்ற வாக்கு உடைந்துவிடும்.

படி 3: கடைக்குள் போய்ப் பார்த்த பிறகே அச்சங்களுக்குப் பதில் எழுதுங்கள்

துணியை வெளியே கொடுப்பவருக்கு இரண்டு பயங்கள் உண்டு: துணி தொலையும், பிறர் துணியோடு கலந்து சாயம் ஏறும். கடைக்காரர் என்னிடம், "ஒவ்வொரு வீட்டுத் துணியையும் தனித்தனியாகத்தான் துவைக்கிறோம்" என்றார். நேரில் போய்ப் பார்த்தபோது ஒரே இயந்திரத்துக்குள் இரண்டு வீடுகளின் துணி இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் எண் எழுதிய வலைப்பைக்குள் ஜிப் போட்டு மூடப்பட்டிருந்தது. வெளிர் நிறங்கள் ஒரு சுற்று, அடர் நிறங்கள் வேறு சுற்று. அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய "தனி" அதுதான். ஆயினும் படிப்பவர் வேறு பொருள் கொள்வார். ஆகவே "துவைக்கும்போது உங்கள் துணி உங்கள் எண்ணிட்ட வலைப்பைக்குள்ளேயே இருக்கும், வெளிர் நிறமும் அடர் நிறமும் சேராது" என்று எழுதினேன். கண்ணால் கண்டதை அப்படியே சொல்லும் வாக்கியம் "முழுப் பாதுகாப்பு" என்ற சொல்லைவிட நம்பப்படுகிறது.

நட்சத்திரக் குறியிட்டு அடியில் பொடி எழுத்தில் நிபந்தனை போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, நிபந்தனைக் குறிப்பு விளம்பர வாக்குறுதியின் மொழியிலேயே இருக்க வேண்டும், அந்த வாக்குறுதிக்கு முரணாகவும் இருக்கக் கூடாது. முன்பு வேறொரு கடைக்கு "24 மணி நேரத்தில்" என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஐப்பசி மழையில் ஒரு வாரம் துணி காயவில்லை. கடைக்காரர் அடியில் இருந்த "மழைக்காலம் நீங்கலாக" என்ற வரியைக் காட்டினார். வாடிக்கையாளர்கள் அதை ஏற்கவில்லை, ஏற்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு; ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட மாதங்களை "நீங்கலாக" என்று தள்ளிவிட முடியாது.

படி 4: டிரை கிளீனிங்கைத் தனியே எழுதுங்கள்

பட்டுச் சேலையையோ கோட்டையோ யாரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டிரை கிளீனிங் செய்வதில்லை. எனவே அங்கே மிச்சமாவது துவைக்கும் நேரம் அல்ல. கடைக்குப் போய்க் கொடுத்துவிட்டு மீண்டும் போய் வாங்கும் இரண்டு நடைகள். இதைக் கிலோ சலவையின் கணக்கோடு கலந்து எழுதினால் இரண்டு வாக்குகளும் மங்கிவிடும்.

கறை பற்றி எச்சரிக்கையோடு எழுதுங்கள். டிரை கிளீனிங்கில் தண்ணீருக்குப் பதிலாக ஒரு கரைப்பான் திரவம் பயன்படுகிறது. அது எண்ணெய்ப் பசையை நன்றாக எடுக்கும். வியர்வை, பழச்சாறு போன்ற நீரில் கரையும் கறைகளைத் தனியாக அந்த இடத்தில் பார்த்து எடுக்க வேண்டும், பழைய கறை போகாமலும் இருக்கலாம். "எந்தக் கறையும் போகும்" என்ற வரியை எழுதாமல், "கறை எங்கே, எதனால் என்று எடுக்க வருபவரிடம் காட்டுங்கள்" என்று எழுதுங்கள். ஓணத்துக்கும் திருமணத்துக்கும் உடுத்திய கசவுச் சேலைகளும் வேட்டிகளும் இப்பகுதியில் ஏராளமாக வருவதால், ஜரிகைத் துணி கிலோ பையில் சேராது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

படி 5: யாரோடு பேசுகிறோம் என்பதில் தவறாதீர்கள்

"உங்கள் மனைவிக்கு ஓய்வு கொடுங்கள்" என்ற தலைப்பை ஒரு கடைக்காரர் மிகவும் விரும்பினார். நான் மறுத்துவிட்டேன். துணி வேலை மனைவியுடையது, கணவன் தயவு காட்டுகிறான் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. நான் பேசிய வீட்டில் துவைப்பவர் மனைவி, தேய்ப்பவர் கணவர். இருவருக்கும் பொதுவாக இருப்பது ஞாயிறு மாலைதான். தலைப்பு அதைப் பற்றி இருக்கட்டும்.

படி 6: சேர்த்து எழுதுங்கள்

மேலே சொன்னவற்றின்படி எழுதிய நோட்டீஸ் இது. விலையை மறைக்காதீர்கள். வீட்டில் தராசு இல்லாதவருக்குக் கிலோ விலை எதையும் சொல்லாது. ஒரு பைக்கு எவ்வளவு என்று எழுதுங்கள்.

> ஞாயிறு மாலை இஸ்திரிப் பெட்டியோடு முடிய வேண்டாம்.
>
> வெள்ளி இரவு 8 முதல் 9 மணிக்குள் உங்கள் வாசலில் துணியை எண்ணி வாங்கிக்கொள்கிறோம். துவைத்துத் தேய்த்து, திங்கள் இரவு அதே நேரத்தில், அதே எண்ணிக்கையில் திருப்பித் தருகிறோம். திங்களுக்கு ஒரு ஜோடி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.
>
> இருவர் உள்ள வீட்டில் வாரம் சுமார் 2 மணி நேரம் மிச்சமாகும்.
>
> துவைக்கும்போது உங்கள் துணி உங்கள் எண்ணிட்ட வலைப்பைக்குள்ளேயே இருக்கும். வெளிர் நிறமும் அடர் நிறமும் சேராது. பட்டு, ஜரிகை, கோட்டு ஆகியவை டிரை கிளீனிங்குக்குத் தனியாக எடுக்கப்படும். திரும்பும் தேதி பில்லில் இருக்கும்.
>
> ஒரு பை (7 கிலோ வரை): ₹____
>
> குழித்துறை முதல் படந்தாலுமூடு வரை, இந்த வழியில் 12 வீடுகள். "வெள்ளி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

கடைசி வரியில் ஒரே ஒரு செயலை மட்டும் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். தொலைபேசி, இணையதளம், செயலி, நேரில் வருகை என்று நான்கு வழிகளை அடுக்கினால், ரயிலில் நின்றுகொண்டு படிப்பவர் எதையும் செய்யாமல் அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார்.

நோட்டீஸ் போன பின் வரும் கேள்விகளைக் குறித்து வையுங்கள். எங்களுக்கு அதிகம் வந்த கேள்வி, "எட்டு மணிக்கு நாங்கள் வீட்டில் இல்லாவிட்டால்?" என்பது. கடைக்காரரிடம் பேசி, "முன்கூட்டிச் சொன்னால் பக்கத்து வீட்டிலும் வாங்கிக்கொள்வோம், எண்ணிக்கையைப் படமெடுத்து உடனே அனுப்புவோம்" என்ற வரியை மறு அச்சில் சேர்த்தேன். எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் இரண்டாவது வழி தொடங்கும்போது, மலையாளத்தில் தனி நோட்டீஸ் எழுத ஆள் பார்த்திருக்கிறோம். அங்கே வெள்ளி இரவு சரிவருமா என்பதை அங்குள்ள இரண்டு வீடுகளில் கேட்டுவிட்டே அவர் எழுதத் தொடங்குவார்.