நோட்டீஸ் முடியாமல் வேலையை விடும்போது கணக்கில் நழுவும் ரூபாய்

அக்கா மகன் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இறால் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருந்தான். தூத்துக்குடியில் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஜூன் 12-ம் தேதி சேர வேண்டும். இங்கே நோட்டீஸ் 60 நாள், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் அத்தனை நாள் வேலை பார்க்க வேண்டும், குறையும் நாளுக்குப் பணம் பிடிப்பார்கள். மே 2-ம் தேதி ராஜினாமாக் கடிதம் கொடுத்தான், ஜூன் 10 கடைசி வேலை நாள் என்று பேசி முடித்தான். கடைசி வாரத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவு கொடுத்த செட்டில்மென்ட் தாளை என்னிடம் எடுத்து வந்தான்.

"மாமா, அஞ்சரை வருஷத்துக்கு மேல வேலை பாத்துருக்கேன். கையில இவ்வளவுதான் வருமா?"

தாளில் கடைசித் தொகை 53,788 ரூபாய். நானும் பல வருஷம் சம்பளப் பட்டியல் போட்டவன். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. எந்த எண்ணைக் கூட்டினார்கள், எதிலிருந்து கழித்தார்கள் என்பதில்தான் பிழை இருந்தது.

முதலில் நாட்கள். பெரும்பாலானவர்கள் பணத்தைப் பார்ப்பார்கள், நாளை எண்ண மாட்டார்கள். அவன் தாளில் நோட்டீஸ் மே 7-ல் தொடங்குவதாகக் கணக்கிட்டிருந்தார்கள். ராஜினாமாவை மேனேஜர் ஏற்றுக் கையெழுத்திட்டது மே 6. ஆனால் அவனுடைய நியமனக் கடிதத்தில் 'எழுத்தில் அறிவித்த நாளிலிருந்து' என்றுதான் இருந்தது. அறிவித்த நாளை விட்டுவிட்டு மறுநாள் மே 3-லிருந்து எண்ணினால் ஜூன் 10 வரை 39 நாள் வேலை பார்த்திருக்கிறான். குறைவது 21 நாள். கம்பெனி கணக்கில் 25. ஏற்றுக்கொள்ள நான்கு நாள் எடுத்தது மேனேஜர், அதற்கான பணம் போனது இவன் பையிலிருந்து. கடிதத்தைக் கொடுத்ததும் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கியிருந்ததால்தான் இதைக் கேட்க முடிந்தது. மெயிலில் அனுப்புபவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, தேதி அதிலேயே பதிந்துவிடும்.

நம் கடற்கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாதபோது கடல் இறால் வரத்தும் குறையும். அப்போது மேனேஜர், "இப்ப வேலை கம்மிதான், வேணும்னா முன்னாடியே கிளம்பிக்கப்பா" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். ஆனால் அந்த வாய்ச்சொல்லை நம்பிக் கிளம்பினால், அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு நீங்கள் நோட்டீஸை முடிக்காமல் போனவர்தான். கம்பெனியே முன்கூட்டி விடுவிக்கிறது என்றால், மீதி நாளுக்குப் பிடித்தம் கிடையாது என்று ஒரு வரி எழுதி வாங்க வேண்டும்.

அடுத்தது ஒரு நாளின் விலை. அவனுக்கு எல்லாம் சேர்த்த கிராஸ் சம்பளம் மாதம் 30,000. அதில் பேசிக்கும் பஞ்சப்படியும் 18,000. பி.எஃப்.-ல் கம்பெனி போடும் பங்கு, பணிக்கொடை ஒதுக்கீடு எல்லாம் சேர்த்த சி.டி.சி. சுமார் 33,000. முப்பதால் வகுத்தால் ஒரு நாள் பேசிக்கில் 600, கிராஸில் 1,000, சி.டி.சி.யில் 1,100. அதே 21 நாளுக்கு 12,600, 21,000, 23,100 என்று மூன்று விடை வரும். எது சரி என்பதை நியமனக் கடிதத்தின் வாசகம்தான் முடிவு செய்யும். இவன் கடிதத்தில் கிராஸ் என்று தெளிவாக இருந்ததால் அதை எதிர்த்துப் பேச இடமில்லை. வெறும் 'சம்பளம்' என்று மட்டும் இருந்தால், எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று கிளம்பும் முன்பே கேட்டுவிட வேண்டும். வகுக்கும் எண்ணையும் பாருங்கள். பிடிப்பதற்கு 26, கொடுப்பதற்கு 30 என்று போட்டிருந்தால் இரண்டு பக்கமும் உங்களுக்கு நஷ்டம்.

இதைவிடப் பெரிய தொகை நழுவுவது விடுப்பில். அவனுக்கு 12 நாள் விடுப்பு பாக்கி. தாளில் அதைப் பேசிக் கணக்கில் 600 வீதம் பணமாக்கி 7,200 வரவு வைத்திருந்தார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அதே 12 நாளை நோட்டீஸில் குறையும் நாட்களோடு நேர் செய்தால், ஒவ்வொரு நாளும் 1,000 ரூபாய்ப் பிடித்தத்தைத் தடுக்கும், 12,000 மிச்சம். ஒரே விடுப்புதான், பணமாக வாங்கினால் 600, நாளாகக் கழித்தால் 1,000. வித்தியாசம் 4,800. இதை யாரும் தானாக முன்வந்து செய்து தர மாட்டார்கள். எல்லாக் கம்பெனியிலும் இது உரிமையும் இல்லை. பணி விதிகளில் அனுமதி இருக்க வேண்டும், அல்லது கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். இவன் கம்பெனி விதியில் அனுமதி இருந்தது, இவன்தான் கேட்கவில்லை. விடுப்புப் பதிவேட்டையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். தடைக்காலத்தில் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கச் சொன்ன நாளையும் விடுப்பில் கழித்திருப்பார்கள்.

நான்காவது, எனக்கு மனம் பொறுக்காத விஷயம், பணிக்கொடை எனும் கிராஜுவிட்டி. அவன் சேவை ஐந்து வருஷம் எட்டு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள், ஆகவே ஆறு. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து: 18,000 × 15 ÷ 26 × 6 = 62,308. இந்தத் தொகையைத் தாளில் மற்ற வரவோடு சேர்த்துப் போட்டு, நோட்டீஸ் பிடித்தத்தை மொத்தத்திலிருந்து கழித்திருந்தார்கள். ஜூன் பத்து நாள் சம்பளம் 10,000, அதில் பி.எஃப். 720 போக 9,280. விடுப்புப் பணம் 7,200. பிடித்தம் 25,000. பற்றாத 8,520 பணிக்கொடையிலிருந்து போயிருந்தது.

பணிக்கொடையை எப்போது பிடித்து வைக்கலாம் என்று சட்டமே சொல்கிறது: வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ கம்பெனி சொத்துக்குச் சேதம் விளைவித்தது, வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம். அதுவும் அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கியிருந்தால் மட்டுமே. தானாக ராஜினாமா செய்தவரின் நோட்டீஸ் பாக்கி அந்தப் பட்டியலில் இல்லை. பி.எஃப். பணத்தையும் இதற்காகத் தொட முடியாது. பிடித்தம் சம்பளத்தை மிஞ்சினால் கம்பெனி தனியாகக் கேட்கட்டும், நீங்கள் தனியாகக் கட்டுங்கள். 'எல்லாவற்றையும் சேர்த்து நேர் செய்துகொள்ளச் சம்மதம்' என்ற வரி உள்ள தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஐந்து வருஷம் நிறைந்தால்தான் பணிக்கொடை என்பதால், அதை எட்டப்போகிறவர்கள் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும். பணம் கட்டிவிட்டு விட்டுப்போகும் நோட்டீஸ் நாட்கள் சேவையில் சேராது. நான்கு வருஷம் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் பல கம்பெனிகள் அதைக் கேட்டதும் ஒத்துக்கொள்வதில்லை. இருபது நாள் பொறுத்தால் ஐந்து வருஷம் நிறைந்துவிடும் என்றால், புதிய கம்பெனியிடம் அந்த இருபது நாளைக் கேட்டுப் பார்ப்பதே லாபம்.

வேறு இரண்டு சின்ன விஷயம். நோட்டீஸ் பிடித்தத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்; அந்த வரி கிடையாது என்று 2022 ஆகஸ்ட் 3-ம் தேதி சுற்றறிக்கையில் (எண் 178) அரசே சொல்லிவிட்டது. நோட்டீஸ் குறைவுக்காக நீங்கள் கட்டிய பைஅவுட் பணத்தைப் புதிய கம்பெனி திருப்பித் தருவதாகச் சொன்னால், அது உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வருமான வரிக்கு உட்படும். கட்டிய தொகை அப்படியே கைக்கு வரும் என்று எண்ணாதீர்கள்.

அவனை உட்காரவைத்து மூன்று பத்தியில் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். நோட்டீஸ் தொடங்கிய தேதி மே 3, குறைவது 21 நாள். 12 நாள் விடுப்பை நேர் செய்து மீதி 9 நாளுக்கு 9,000 மட்டும் சம்பளத்தில் பிடிக்கவும். பணிக்கொடையைத் தனியாக, 30 நாளுக்குள் தரவும். கடிதத்தோடு நியமனக் கடிதத்தின் நகலையும், மே 2-ம் தேதி கையெழுத்து வாங்கிய நகலையும் இணைத்தான். மறுத்தால் ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போவது என்று இருந்தோம். போக வேண்டி வரவில்லை. சம்பளக் கணக்கில் 280 ரூபாயும், பணிக்கொடையாக 62,308 ரூபாயும் வந்தன. முதல் தாளைவிட 8,800 ரூபாய் கூடுதல்.