விலை ஏற்றினால் விற்பனை எவ்வளவு குறையும்? பழைய பில்லே சொல்லும்

காரைக்குடிப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் லிட்டர் 360 ரூபாய்க்கு விற்ற நல்லெண்ணெய் 396 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 10 சதவீதம். முந்தைய நான்கு வாரச் சராசரி வாரத்துக்கு 50 லிட்டர், பிந்தைய சராசரி 42. குறைவு 16 சதவீதம்.

இந்த 16 முழுவதையும் விலையின் தலையில் கட்டக்கூடாது. அதே வாரங்களில் விலை மாறாத புளி, உளுந்து விற்பனையையும் பாருங்கள். அவையும் 6 சதவீதம் குறைந்திருந்தால் கடைக்கு வரும் கூட்டமே குறைந்திருக்கிறது. மீதி சுமார் 10 சதவீதம்தான் விலையால் வந்தது. அதாவது, விலை 1 சதவீதம் ஏறினால் விற்பனையும் ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது.

கணக்கைக் கெடுப்பவை பெரும்பாலும் மூன்று. கல்யாண வீட்டுக்கோ சமையல்காரருக்கோ மொத்தமாகப் போன டின்களைக் கழித்துவிடுங்கள். வைகாசியையும் ஆடியையும் ஒப்பிட்டால் விலையைவிட முகூர்த்தம்தான் தெரியும். சரக்கு தீர்ந்திருந்த நாட்களையும் நீக்குங்கள், அன்று கேட்டவர்கள் பில்லில் இல்லை. விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே வாங்கி வைப்பார்கள். அதனால் மாற்றத்துக்கு முன் ஒரு வாரத்தையும் பின் ஒரு வாரத்தையும் விட்டுவிட்டு எண்ணுங்கள்.

பக்கத்துக் கடைகளும் அப்போது ஏற்றினவா என்பதைப் பில் ஓரத்தில் குறித்து வையுங்கள். எல்லோரும் ஏற்றியபோது கிடைத்த எண்ணை, நீங்கள் மட்டும் ஏற்றும்போது நம்பவே கூடாது. குறைவு அதைவிட அதிகமாகவே இருக்கும்.